உள்ளங்கையில் ஏந்திய கசிவு

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கண்மாயைக் காத்து வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டியாக வாழ்நாளெல்லாம் இருந்த பெரியவர் சென்ற ஐப்பசியில் காலமானார். வருகிற பொங்கலன்று ஊர்ப் பொதுக்கூடத்தில் அவருடைய படத்தைத் திறக்கிறார்கள். நான் பள்ளி ஆசிரியை என்பதால் கவிதை வாசிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இப்படித் தொடங்கியிருக்கிறேன்:

தியாகத்தின் திருவுருவே! சேவையின் சிகரமே!
உழைப்பின் உன்னதமே! எளிமையின் இலக்கணமே!
மெழுகாய் உருகி எங்களுக்கு ஒளி தந்தாய்,
நீ மறைந்தாலும் நின் புகழ் மறையாது!

இதில் படிமமே இல்லை என்கிறாள் என் தோழி. ஆனால் மேடையில் இப்படிப்பட்ட சொற்களைத்தானே மக்கள் எதிர்பார்ப்பார்கள்? இவற்றை எடுத்துவிட்டால் பெரியவரைக் குறைத்துச் சொன்னதாக அவர் பிள்ளைகள் வருந்தமாட்டார்களா? மரபுக் கவிதையாக எழுதினால் மதிப்புக் கூடுமா? எத்தனை வரிகள் இருக்கலாம்?

பின்குறிப்பு: நான் சிறுமியாக இருந்தபோது ஒரு மழை இரவில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு கரைக்குப் போனேன். கரையடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எல்லோரும் பதறினார்கள். பெரியவர் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளி டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "தெளிவாத்தான் வருது, போய்ப் படுங்க" என்றார். ஏனோ இது மட்டும் மறக்கவில்லை.

அன்புடன்,
சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

எங்கள் தெருமுனையில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளைச் சில காலமாக நின்று வாசிக்கும் பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. ஆள் மாறுகிறார், படம் மாறுகிறது, தேதி மாறுகிறது. வாசகம் மட்டும் அச்சகத்துக் கணினியில் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. மளிகைக்கடை வைத்திருந்தவரும் பண்பின் சிகரம்தான், அவருக்குக் கடன் பாக்கி வைத்துவிட்டுப் போனவரும் பண்பின் சிகரம்தான். உங்கள் கடிதம் வந்தபோது இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே உங்கள் மேல் விழப்போகும் வசவில் ஒரு பகுதி அந்த அச்சகத்துக்கு உரியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மரபா புதிதா என்ற கேள்விக்கு என்னிடம் நேரமில்லை. யாப்பு கைவருமானால் எழுதுங்கள், வராதென்றால் விடுங்கள். தளை தட்டாமல் எழுதப்பட்ட வெற்றுப் புகழ்ச்சியை எத்தனையோ மேடைகளில் கேட்டாகிவிட்டது. வரிக்கணக்கும் அப்படித்தான், ஒலிபெருக்கிக்காரர் பொறுமையிழப்பதற்குள் முடித்துவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நான்கு வரிகளையும் அப்படியே எடுத்து, பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியரின் பாராட்டு விழாவில் வாசித்துப் பாருங்கள். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்காது. கண் சிகிச்சை முகாம் நடத்தியவருக்கும் பொருந்தும், கோயில் கோபுரத்துக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தவருக்கும் பொருந்தும். நீங்கள் பாட வேண்டியவர் கண்மாயைக் காத்தவர். அவருடைய கவிதையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை, கவனித்தீர்களா? மண் இல்லை, மடை இல்லை, கலுங்கு இல்லை, இரவு இல்லை. திருவுருவும் சிகரமும் இருக்கின்றன. சிவகங்கைப் பக்கம் சிகரத்துக்கு எங்கே போவது?

"மெழுகாய் உருகி" என்ற இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. படிமம் வேண்டும் என்று தோழி சொன்னவுடன் இந்த ஒன்றையாவது சேர்ப்போம் என்று எண்ணியிருப்பீர்கள். மெழுகுவர்த்தி, கலங்கரை விளக்கம், ஆலமரம், ஏணி, வியர்வை முத்து ஆகிய இவையெல்லாம் கண்ணால் காணக்கூடிய பொருள்களின் பெயர்கள் என்பதால் படிமங்கள் போலத் தோற்றம் காட்டுகின்றன. உண்மையில் இவை தியாகம், சேவை, உழைப்பு என்ற அதே அருவச் சொற்கள் மாறுவேடம் போட்டுக்கொண்டு வந்தவை. மெழுகு என்றதும் கேட்பவர் மனத்தில் மெழுகு தோன்றுவதில்லை. "ஓ, தியாகத்தைச் சொல்கிறார்" என்ற எண்ணம் மட்டும் தோன்றி மறைகிறது. அந்தப் பெரியவர் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு கரையில் நடந்திருந்தால் ஐப்பசிக் காற்றில் அது நாலடி தூரம் தாங்கியிருக்காது. அவர் கையில் இருந்தது டார்ச். உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த டார்ச்சு கவிதைக்கு வரவில்லை, கடையில் விற்கும் மெழுகுவர்த்தி வந்துவிட்டது. அவர் வைத்திருந்த பொருளை எடுத்துவிட்டு, வைத்திராத ஒன்றைக் கையில் திணித்திருக்கிறீர்கள்.

இறந்தவரைப் பாடுவதில் நம் முன்னோர் இவ்வளவு சோம்பேறிகளாக இருக்கவில்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னார் சேவகன், இன்ன தொறுவை மீட்கும் சண்டையில் பட்டான் என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஊருக்காக மாடு மீட்கப் போய் உயிர்விட்ட உள்ளூர்க்காரனுக்கு ஊர் எடுத்த கல் அது. நீங்கள் எழுதப்போகும் கவிதைக்கு மிக நெருங்கிய மூதாதை அதுதான். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. எருமைகளின் பொருட்டு இறந்த வீரனுடன் அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளனைக் கடித்துக் காத்திருந்தது என்றும் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். கல்லில் ஒவ்வொரு எழுத்தையும் உளியால் கொத்த வேண்டும். இடம் குறைவு, கூலி உண்டு. அந்த நெருக்கடியிலும் நாய்க்கு இடம் கொடுத்த கை, "மாவீரன்" என்ற சொல்லுக்குக் கொடுக்கவில்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்து வாசிக்கும் எனக்கு அன்று என்ன நடந்தது என்பது அந்த நாயால்தான் தெரிகிறது.

கல்லிலிருந்து பாட்டுக்கு வருவோம். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது புறநானூற்றில் 242ஆம் பாட்டு. ஆறே அடிகள். பள்ளியில் நீங்களே நடத்தியிருக்கக்கூடும். ஆனால் எழுத உட்காரும்போது மறந்துவிட்டீர்கள்.

இளையோர் சூடார்; வளையோர் கொய்யார்;
நல்யாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான்; பாடினி அணியாள்;
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேற் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே?

சாத்தனும் பேரரசன் அல்லன். ஓர் ஊர்த் தலைவனின் மகன், உள்ளூர் மனிதன். புலவர் அவனைப் பற்றி எத்தனை சொற்கள் சொல்கிறார் என்று பாருங்கள். முதல் மூன்று அடிகளில் அவனே இல்லை. பூ இருக்கிறது, அதைச் சூடாதவர்கள் இருக்கிறார்கள். அதிலும் இரண்டாம் அடியை நிதானமாகப் படியுங்கள். பாணன் எட்டாத முல்லைக் கொடியை யாழின் வளைந்த கோட்டால் மெல்ல வளைத்து இழுத்துப் பறிப்பது வழக்கம். பாணனுக்கு இரண்டு கை இருந்தும், கையில் யாழை வைத்துக்கொண்டே பூப்பறிப்பவன் எப்படி அதையே தோட்டியாக்கிக்கொள்வான் என்பதை அருகே நின்று பார்த்தவரால்தான் எழுத முடியும். "மெல்ல" என்ற சொல்கூட யாழுக்குச் சேதம் வரக்கூடாது என்ற கவலையிலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றும். இந்த ஒரு செயல் இப்போது நடக்கவில்லை என்று சொன்னதுமே அந்த ஊரின் துயரம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகுதான், நான்காம் அடியில், "ஆண்மை" என்ற பெரிய சொல் வருகிறது. ஒரே ஒருமுறை. முன்னால் இருக்கும் மூன்று அடிகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே அருவச் சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் நான்கு வரிகளில் தியாகம், சேவை, உழைப்பு, எளிமை, புகழ் என்று ஐந்தை அடுக்கிவிட்டு, அவற்றைத் தாங்க எதையும் வைக்கவில்லை.

இனி உங்கள் பின்குறிப்பு. இதைப் பற்றி நான் கொஞ்சம் விரித்தே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஏன் தண்ணீரை அள்ளிப் பார்த்தார் என்று எப்போதாவது யாரிடமாவது கேட்டீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள் என்று எண்ணுகிறேன். கேட்டிருந்தால் அதைப் பின்குறிப்பில் தள்ளியிருக்க மனம் வந்திராது. மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். கண்மாய் நிறைந்து நிற்கும்போது உள்வாயில் இருக்கும் தண்ணீர் மண்ணின் நுண்துளைகள் வழியே இறங்கி, புறக்கரையின் அடியில் வந்து ஈரம் காட்டும். அந்தக் கசிவு தெளிவாக இருந்தால், தண்ணீர் மட்டும் வருகிறது, மண் தன் இடத்தில் இருக்கிறது என்று பொருள். கலங்கி வந்தால் கரைக்குள் இருக்கும் மண்ணை அது அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது. நண்டு வளையோ எலி வளையோ உள்ளே குழாயாக நீண்டிருக்கும். அரிக்க அரிக்கக் குழாய் பெருக்கும், பெருக்கப் பெருக்க வேகம் கூடும், விடிவதற்குள் கரை உடைந்துவிடலாம். அப்போது ஊரை எழுப்பி, உள்வாயில் அந்த வளையின் வாயைத் தேடி, வைக்கோலையும் களிமண்ணையும் திணித்து மிதித்தாக வேண்டும். கசிவின் அளவைப் பார்த்துப் பதறியவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். அவர் அளவைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தார். நிறத்தைத் தரையில் வைத்துப் பார்க்க முடியாது. தரை மண்ணின் நிறம் ஏமாற்றும். அதனால்தான் கையில் ஏந்தினார், அதனால்தான் டார்ச் அடித்தார்.

இவ்வளவும் அந்த ஒரு கை நீரில் இருக்கிறது. அவருடைய அறிவு, நிதானம், ஊர் அவர் சொல்லுக்குக் கொடுத்த மதிப்பு எல்லாம் இருக்கிறது. "போய்ப் படுங்க" என்று ஒருவர் சொல்ல, அதை நம்பி ஓர் ஊரே படுக்கப் போகிறதென்றால், அவருக்கு அதைவிடப் பெரிய பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தரும்?

உங்களுக்காகக் கவிதை எழுதித் தருவது என் வேலையன்று. ஆனாலும் எப்படி வைக்கலாம் என்று காட்டுவதற்காகச் சில வரிகள்:

மழை இருட்டு.
கரையடிக் கசிவை உள்ளங்கையில் ஏந்தி
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தீர்கள்.
தெளிவாக வந்தது.
போய்ப் படுங்கள் என்றீர்கள்.
போய்ப் படுத்தோம்.

இதில் உவமை இல்லை, அலங்காரம் இல்லை. நடந்தது நடந்த வரிசையில் இருக்கிறது. கடைசி வரியில் "நம்பிக்கை" என்ற சொல்லைச் சேர்க்க உங்கள் கை துடிக்கும். துடிக்கட்டும். இங்கேதான் பெரும்பாலோர் கெடுத்துக்கொள்கிறார்கள். நல்ல காட்சி ஒன்றைப் பிடித்துவிட்டு, கேட்பவருக்குப் புரியாதோ என்ற பயத்தில் அடுத்த வரியிலேயே "இதுவல்லவோ தியாகம்!" என்று எழுதுவார்கள். அல்லது, "தெளிந்த நீரில் உன் தெளிந்த உள்ளம் கண்டோம்" என்று சிலேடை செய்வார்கள். உங்களுக்கும் இந்த இரண்டாவது ஆசை வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தமிழாசிரியர்களுக்கு வராமல் இருக்காது. அதை எழுதிய கணமே தண்ணீர் மறைந்து உங்கள் சாமர்த்தியம் மேடையேறிவிடும். படம் திறப்பது உங்களுக்கு அல்லவே.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் ஒன்று உண்டு. என் பேச்சைக் கேட்டுவிட்டு, தோளில் துண்டு, கையில் மண்வெட்டி, இடுப்பில் வெற்றிலைப் பை, காலில் சேறு என்று பட்டியல் போட்டுவிடாதீர்கள். அவை கண்ணுக்குத் தெரியும் பொருள்கள்தான். ஆனாலும் அந்த வட்டாரத்தில் வயலில் இறங்கும் யாருக்கும் அவை பொருந்தும். அவர் மட்டும் செய்தது, அவரிடம் மட்டும் இருந்தது எது என்று கேட்டுக் கேட்டுப் பொறுக்க வேண்டும். ஆறு பொருள்களைத் தொட்டுவிட்டு ஓடுவதைவிட ஒன்றின் அருகில் நிற்பது மேல்.

மக்கள் பெரிய சொற்களை எதிர்பார்ப்பார்கள் என்கிறீர்கள். இங்கே ஒன்று நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் ஓய்வு பெற்ற தபால்காரருக்குப் பாராட்டு விழா நடந்தது. கவிதை வாசித்தவர்கள் எல்லோரும் அவரைச் சேவைச் செம்மலாகவும் கடமைக் கதிரவனாகவும் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. கடைசியில் எழுத்தறியாத ஒரு மூதாட்டியைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: வெளியூரில் இருக்கும் மகன் எழுதும் கடிதங்களைத் தபால்காரர்தான் படித்துக் காட்டுவார், படிப்பதற்கு முன் ஒரு செம்பு தண்ணீர் கேட்பார், நல்ல செய்தி என்றால் குடித்துவிட்டுப் படிப்பார், தண்ணீரைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தால் அந்தத் தண்ணீர் தனக்கு என்று தெரிந்துவிடும். கூட்டத்தில் முறுக்குச் சத்தம் நின்றுவிட்டது. அந்தத் தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கதிரவன் என்றபோதெல்லாம் அவர் கூட்டத்தை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மக்கள் பெரிய சொற்களை எதிர்பார்ப்பதில்லை, ஆசிரியை அவர்களே. அவற்றுக்குப் பழகியிருக்கிறார்கள், அவை ஒலிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொள்ளலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பிள்ளைகள் வருந்துவார்களா என்ற கவலை நியாயமானது. அதை நான் தள்ளமாட்டேன். படத்தின் அடியில் ஊர்க்காரர்கள் எழுதப்போகும் வாசகத்தில் தியாகச் செம்மல் என்று இருந்துவிட்டுப் போகட்டும், அது அதற்குரிய இடம். கவிதை எழுதும் முன் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள்; கேட்டால் அவர்களும் "ரொம்ப நல்லவர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர்" என்று பதாகை வாசகத்தையே திருப்பித் தருவார்கள். மழை நேரத்தில் அவர் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார், சாப்பாடு எப்படிப் போகும், மடைப் பலகையை எங்கே வைத்திருப்பார், கண்மாய் வற்றிய மாதங்களில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேளுங்கள். சிறிதாகக் கேட்டால் விடை சிறிதாக வரும், அந்தச் சிறியதுதான் நமக்கு வேண்டும். சொன்னதில் எதை மேடையில் வாசிக்கலாம் என்றும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கடைமடையில் நிலம் வைத்திருப்பவர்களிடம் போங்கள். ஒரு நீர்க்கட்டியின் மெய்யான சான்றிதழ் அவர்களிடம்தான் இருக்கும். மடைக்கு அருகில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் தானே போய்ச் சேரும். தண்ணீர் குறைந்த ஆண்டில், தை மாதத்தில் கதிர் பால்பிடிக்கும் நேரத்தில், மேல்வயல்காரர் செல்வாக்குள்ளவராக இருந்தும் அவர் வாய்க்காலை அடைத்துவிட்டுக் கடைசி வயலுக்கு முறைத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த வேலையின் கடினமான பகுதி. அப்படி ஓர் ஆண்டு உங்கள் ஊரிலும் இருந்திருக்கும். எந்த ஆண்டு, எந்த வயல், எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது என்று அந்த வயல்காரருக்கு நினைவிருக்கும். அதை வாங்கிக்கொள்ளுங்கள். "நேர்மை" என்று நீங்கள் எழுத நினைத்திருந்த இடத்தில் அந்த வயலின் பெயரை வையுங்கள். வயல்களுக்குப் பெயர் இல்லாத ஊரை நான் பார்த்ததில்லை. வெளியாருக்கு அந்தப் பெயர் புரியாதே என்று யாராவது சொன்னால், ஒல்லையூர் எங்கே என்று தெரியாமலேதான் நாம் அந்த முல்லைப் பாட்டைப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். வாய்க்காலை இரவில் வெட்டிவிட்டவர் பெயரும் சேர்ந்தே கிடைக்கும். அதை மட்டும் கவிதையில் சேர்க்க வேண்டாம். அவருடைய பேரன் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

உங்கள் கண்மாய்க்கு எத்தனை மடை, அவற்றின் பெயர் என்ன என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அன்று கசிந்தது எந்த மடைக்குப் பக்கத்தில் என்பதும் இல்லை. சிறுமியாக இருந்தபோது பார்த்தது என்பதால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்; உங்கள் அப்பாவுக்கோ, அன்று அங்கே நின்ற மற்றவர்களுக்கோ தெரியும். எழுதி முடித்தபின், பொங்கலுக்கு முன்பாகவே, அவர்களில் வயதான ஒருவரிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். "நல்லாயிருக்கும்மா" என்று மட்டும் அவர் சொன்னால் இன்னும் ஒருமுறை எழுதுங்கள். "அது பெரிய மடை இல்லம்மா, நடுமடை, அன்னைக்கு மழை விட்டிருந்துச்சு" என்று இடைமறித்தால், திருத்திக்கொண்டு, அப்படியே மேடையில் வாசித்துவிடுங்கள்.

அன்புடன்.